99 அடித்தவர் 88 அடித்தவரை முந்துவது எப்படி: கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப், ஹேண்டிகேப் கணக்கு

கோல்ஃப் பழகத் தொடங்கி முதல் ஹேண்டிகேப் எண் கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். தன்னுடைய ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 18.0 என்று பதிவாகியிருக்க, ஒரு மைதானத்தில் 14 அடிகள் சலுகை என்றும் இன்னொரு மைதானத்தில் 27 அடிகள் சலுகை என்றும் சொல்லப்படுகிறது. ஆட்டமும் அதே, ஆளும் அதே. மாறியது மைதானம் மட்டும்தான். அந்த மாற்றத்தை அளப்பவை ஸ்கோர் கார்டின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு எண்கள்: கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் ரேட்டிங். இவற்றை எப்படிப் படிப்பது, இவற்றைக் கொண்டு சலுகை அடிகளை எப்படிக் கணக்கிடுவது, ஆடி முடித்த பிறகு அதே எண்கள் திரும்ப எப்படிப் பயன்படுகின்றன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு மைதானங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, கலிபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில் கடலோரப் பாறைகளின் மேல் அமைந்த பெபிள் பீச். அங்குள்ள நீல டீயிலிருந்து ஆண்களுக்கு கோர்ஸ் ரேட்டிங் 75.5, ஸ்லோப் 145, பார் 72 என்று அதன் கார்டில் நெடுங்காலம் அச்சிடப்பட்டிருந்தது. மறுமதிப்பீட்டில் இத்தகைய எண்கள் சற்று மாறும் என்பதால், ஆடச் செல்பவர் அன்றைய கார்டையே பார்க்க வேண்டும். கணக்கின் முறை மாறாது. மற்றொன்று, நாமே கற்பனை செய்துகொள்ளும் எளிய சமதள மைதானம்: கோர்ஸ் ரேட்டிங் 67.4, ஸ்லோப் 105, பார் 70.

படி 1: இரண்டு எண்களும் யாருக்காக என்று தெரிந்துகொள்ளுதல்

கோர்ஸ் ரேட்டிங் என்பது ஸ்க்ராட்ச் வீரருக்கான எண். எந்த மைதானத்திலும் சலுகையே இல்லாமல் ஆடக்கூடியவர், வழக்கமான வானிலையில், வழக்கமான பராமரிப்பில், அந்த டீயிலிருந்து எத்தனை அடிகளில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்பை அது ஒரு தசம இடம் வரை சொல்கிறது. பெபிள் பீச்சில் 75.5 என்றால், அப்படிப்பட்ட வீரருக்கே அங்கே பாரைவிட மூன்றரை அடிகள் கூடுதலாகும் என்று பொருள். நம் எளிய மைதானத்தில் 67.4 என்பதால், அவர் பார் 70-ஐ விட 2.6 அடிகள் குறைவாக முடிப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே பார் என்பது கடினத்தை அளக்கும் எண் அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் நிறுத்த வேண்டும். பார் ஏறக்குறைய முழுக்க ஒவ்வொரு குழியின் நீளத்தைப் பார்த்து வைக்கப்படுவது.

ஸ்லோப் என்பது எந்த ஒரு வீரருக்குமான எண் அல்ல. இரண்டு வீரர்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்லும் எண். ஸ்க்ராட்ச் வீரருக்குப் பக்கத்தில் போகி வீரர் என்ற மற்றொரு மாதிரி ஆட்டக்காரரையும் மதிப்பீட்டாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்களில் அவருடைய இண்டெக்ஸ் ஏறக்குறைய 20. பெண்களில் ஏறக்குறைய 24. அவருக்கு அந்த மைதானத்தில் எத்தனை அடிகள் ஆகும் என்பது போகி ரேட்டிங் எனப்படும். போகி ரேட்டிங்கிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, ஆண்களுக்கு 5.381 என்ற எண்ணாலும் பெண்களுக்கு 4.24 என்ற எண்ணாலும் பெருக்கினால் வருவதே ஸ்லோப். அது 55-க்கும் 155-க்கும் இடையில் இருக்கும். நடுத்தரமான கடினம் 113 என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. பெபிள் பீச்சின் 145-ஐ 5.381-ஆல் வகுத்துப் பார்த்தால் 27 அடிகளுக்கு மிக நெருங்கி வருகிறது; அதாவது ஸ்க்ராட்ச் வீரர் 75 அல்லது 76-இல் முடிக்கும் இடத்தில் போகி வீரருக்கு 102 அடிகள் ஆகும். ஸ்லோப் 113 உள்ள மைதானத்தில் இந்த இடைவெளி 21 அடிகள் மட்டுமே.

இந்த இடைவெளி எல்லா மைதானங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் முழு முறையின் அடிப்படை. ஸ்லோப் வருவதற்கு முன், எளிய மைதானத்தில் ஹேண்டிகேப் பெற்றவர் கடினமான மைதானத்துக்குச் சென்றால் தோற்றுப்போவார். கடினமான இடத்தில் ஆடிப் பழகியவர் எளிய இடத்துக்கு வந்தால் பரிசை அள்ளிச் செல்வார். இந்தக் குறையைப் போக்கிய முறைக்குப் பெரும் பங்களித்தவர் டீன் நுத். 1970-களில் மான்டரேயிலுள்ள அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைப் பள்ளியில், பெபிள் பீச்சுக்குச் சில மைல் தொலைவில், மாணவராக இருந்தபோதே இதைப் பற்றி ஆராயத் தொடங்கினார், பின்னர் யு.எஸ்.ஜி.ஏ. என்ற அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் ஹேண்டிகேப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். கொலராடோ மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட இம்முறை, 2020-இல் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த உலக ஹேண்டிகேப் முறையின் வழியே ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் பொதுவாயிற்று. இந்தியாவில் இதை நடத்துவது இந்திய கோல்ஃப் யூனியன்.

படி 2: அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு முறையாவது பார்த்தல்

கணக்கு மட்டும் போதும் என்பவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் ஸ்லோப் ஏன் ஓரிடத்தில் 105 ஆகவும் ஓரிடத்தில் 145 ஆகவும் இருக்கிறது என்று புரியாதவர்கள்தான் பின்னால் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து.

மதிப்பீட்டை அந்த கிளப் தானாகச் செய்துகொள்வதில்லை. தேசிய அல்லது வட்டாரச் சங்கத்தின் பயிற்சி பெற்ற குழு வந்து, ஒவ்வொரு டீக்கும் ஒவ்வொரு குழியாக நடந்து அளக்கிறது. அவர்கள் கையிலிருப்பது இரண்டு மாதிரி ஆட்டக்காரர்களின் அடி தூரம். ஆண் ஸ்க்ராட்ச் வீரர் டீயிலிருந்து 250 கெஜம் அடிப்பார். 470 கெஜக் குழியின் கிரீனை இரண்டு அடிகளில் எட்டுவார். ஆண் போகி வீரர் டீயிலிருந்து 200 கெஜம் அடிப்பார்; இரண்டு அடிகளில் 370 கெஜம் வரைதான் எட்டுவார். பெண்களுக்கு இதே அளவுகள் ஸ்க்ராட்சில் 210, 400 என்றும், போகியில் 150, 280 என்றும் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பந்துகள் விழும் இடங்களில் நின்றுகொண்டு, அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

முதலில் வருவது நீளம். ஆண்களுக்கான சூத்திரத்தில், ஸ்க்ராட்ச் வீரருக்கு ஒவ்வொரு 220 கெஜத்துக்கும் ஓர் அடி கூடுகிறது. போகி வீரருக்கு ஒவ்வொரு 160 கெஜத்துக்கும் ஓர் அடி கூடுகிறது. ஆகவே ஒரு மைதானத்தில் பின்னாலுள்ள டீக்கு மாறி 440 கெஜம் நீளம் கூடினால், ஸ்க்ராட்ச் வீரருக்கு 2 அடிகளும் போகி வீரருக்கு 2.75 அடிகளும் கூடும். அந்த முக்கால் அடி வேறுபாடு ஸ்லோப்பில் சுமார் 4 புள்ளிகளாகத் தெரியும். கார்டிலுள்ள நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. தரை உருளுமா, மேடா பள்ளமா, காற்று எப்படி, ஃபேர்வே திரும்பும் இடத்தில் பந்தை நிறுத்தியாக வேண்டுமா, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பவற்றைக் கொண்டு அது திருத்தப்படுகிறது. உயரத் திருத்தம் 2,000 அடிக்கு மேலுள்ள மைதானங்களுக்குத்தான். 7,000 அடிக்கு மேலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து தொலைவு போகும் என்பதால், அங்குள்ள கார்டின் 6,000 கெஜமும் சென்னையின் 6,000 கெஜமும் ஒன்றல்ல.

பெபிள் பீச்சின் நீல டீ ஏறக்குறைய 6,800 கெஜம். நீளத்தை மட்டும் வைத்துச் சூத்திரத்தைப் போட்டால் கோர்ஸ் ரேட்டிங் 72-க்குச் சற்றுக் குறைவாகவும், ஸ்லோப் 115-ஐ ஒட்டியும்தான் வரும். அங்கிருந்து 75.5-க்கும் 145-க்கும் உயர்த்துபவை மேலே சொன்ன திருத்தங்களும், அவற்றைவிட முதன்மையாகத் தடைகளும். நில அமைப்பு, ஃபேர்வேயின் அகலம், கிரீனின் அளவு, ரஃப், பங்கர், குறுக்கே வரும் தடை, பக்கவாட்டில் வரும் தடை, மரங்கள், கிரீனின் வேகமும் சரிவும் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார்கள். ஸ்க்ராட்ச் வீரருக்கு ஒரு மதிப்பெண், போகி வீரருக்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

எட்டாவது குழியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 400 கெஜத்துக்குச் சற்று மேல் நீளமுள்ள பார் 4 அது. முதல் அடி பாறை மேட்டின் மேல் விழ வேண்டும். அதற்கு அப்பால் நிலம் பிளந்து கடல் உள்ளே நுழைந்திருக்கிறது. கிரீன் அந்தப் பிளவுக்கு மறுபக்கம். ஸ்க்ராட்ச் வீரர் மேட்டின் விளிம்புக்கு முன்னால் பந்தை நிறுத்தி, இரண்டாவது அடியில் கடலைத் தாண்டி கிரீனை எட்டிவிடுவார். போகி வீரருக்கு இரண்டு அடிகளில் 370 கெஜம்தான் வசப்படும் என்பதால் கிரீன் அவருக்கு எட்டாது. கடலைத் தாண்டவும் துணிவு வராது. பிளவைச் சுற்றி இடப்புறமாகப் பந்தை அனுப்பி, மூன்றாவது அடியில் கிரீனுக்கு வர முயல்வார். குழி ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு அது நல்ல பார் 4, மற்றொருவருக்கு அது ஐந்தோ ஆறோ ஆகும் குழி. இத்தகைய குழிகள் ஸ்லோப்பை உயர்த்துகின்றன. இதற்கு மாறாக, தொலைவிலுள்ள கிரீனைச் சுற்றி மட்டும் கடினமாக இருந்து, தாண்டியாக வேண்டிய தடை ஏதும் இல்லாத நீண்ட மைதானம் இருவரையும் ஏறக்குறைய ஒரே அளவில் தண்டிக்கும். அங்கே கோர்ஸ் ரேட்டிங் உயரும், ஸ்லோப் அவ்வளவாக உயராது.

படி 3: கார்டில் சரியான வரியைக் கண்டுபிடித்தல்

ஒரே மைதானத்தில் ஒவ்வொரு டீக்கும் தனித்தனி எண்கள் உண்டு. அதே டீக்கு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு இணைகள் இருக்கும். பெரும்பாலும் "75.5/145" என்பதைப் போல, முன்னால் கோர்ஸ் ரேட்டிங்கும் சாய்கோட்டுக்குப் பின் ஸ்லோப்பும் அச்சிடப்பட்டிருக்கும். தான் உண்மையில் ஆடப்போகும் டீயின் வரியை எடுக்காமல், கார்டின் மேல்வரியில் பளிச்சென்று தெரியும் பின் டீயின் எண்களை எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அந்த வரியிலிருந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப், பார்.

படி 4: அன்றைய கோர்ஸ் ஹேண்டிகேப்பைக் கணக்கிடுதல்

இண்டெக்ஸ் என்பது நடுத்தரக் கடினமுள்ள, அதாவது ஸ்லோப் 113 உள்ள மைதானத்துக்கான எண். அதை இன்றைய மைதானத்துக்கு மாற்றும் சூத்திரம் இது:

கோர்ஸ் ஹேண்டிகேப் = ஹேண்டிகேப் இண்டெக்ஸ் × (ஸ்லோப் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்)

இண்டெக்ஸ் 18.0 உள்ளவர் பெபிள் பீச்சின் நீல டீயில் ஆடுகிறார் என்போம். 18.0-ஐ 145-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 23.1. கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வேறுபாடு 3.5. இரண்டையும் கூட்டினால் 26.6, முழு எண்ணாக்கினால் 27. அதே ஆள் நம் எளிய மைதானத்தில் ஆடினால், 18.0 × 105 ÷ 113 என்பது 16.7, அதிலிருந்து 2.6 குறைந்தால் 14.1, முழு எண்ணாக 14.

சூத்திரத்தின் இரண்டு பகுதிகளும் செய்யும் வேலையைத் தனித்தனியே கவனிக்க வேண்டும். இரண்டாவது பகுதி, அதாவது ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழிப்பது, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அளவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. முதல் பகுதி இண்டெக்ஸைப் பெருக்குவதால், இண்டெக்ஸ் பெரிதாக உள்ளவருக்கே அதன் விளைவு பெரிது. இண்டெக்ஸ் 2.0 உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், பெபிள் பீச்சில் அவருக்கு 6 அடிகள் சலுகை. எளிய மைதானத்தில் கணக்கு −0.7 என்று வருவதால் அது −1 ஆகிறது, அதாவது அவர் ஓர் அடியைத் திருப்பித் தர வேண்டும். இப்படிப்பட்டவரைப் பிளஸ் 1 என்பார்கள். இரு மைதானங்களுக்கும் இடையே அவருக்கு 7 அடிகள் வேறுபாடு. 18.0 உள்ளவருக்கு 13 அடிகள். 30.0 உள்ளவருக்கு இதே கணக்கைப் போட்டால் 42, 25 என்று வந்து, வேறுபாடு 17 ஆகிறது.

இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ பழகிய நண்பர் ஒருவர் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழிக்கும் பகுதியைச் சேர்க்காமல் வேறு விடை சொன்னால் வியக்க வேண்டியதில்லை. அங்கே 2024 வரை அந்தப் பகுதி இல்லாமலேயே கணக்கிட்டு வந்தார்கள். இப்போது அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள்.

படி 5: போட்டிக்கான எண்ணாக மாற்றுதல்

நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் இருவரின் கோர்ஸ் ஹேண்டிகேப்புக்கும் உள்ள வேறுபாடே கொடுக்கப்படும். 2.0 உள்ளவரும் 18.0 உள்ளவரும் எளிய மைதானத்தில் மோதினால் 14-க்கும் −1-க்கும் இடையில் 15 அடிகள். எந்தக் குழியில் முதலில் சலுகை தருவது என்று கார்டில் குழிகளுக்கு இடப்பட்டிருக்கும் 1 முதல் 18 வரையிலான வரிசை எண்ணே ஸ்ட்ரோக் இண்டெக்ஸ்; அது 1 முதல் 15 வரை உள்ள குழிகளில் பலவீனமானவருக்கு ஒவ்வோர் அடி கிடைக்கும். பெபிள் பீச்சில் மோதினால் 27-க்கும் 6-க்கும் இடையில் 21 அடிகள்; எல்லாக் குழிகளிலும் ஒவ்வோர் அடியும், ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1, 2, 3 ஆகிய குழிகளில் இன்னோர் அடியும். இருவரும் ஒரே டீயில் ஆடும்போது ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழிப்பது இருவருக்கும் பொதுவாகி அடிபட்டுவிடுகிறது. கூடிய 6 அடிகளும் முழுக்க ஸ்லோப்பின் வேலை. வலிமையானவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார். எட்டாவது குழியில் எதிராளியின் பந்து எங்கே போகிறது என்று பார்த்த பிறகு பெரும்பாலும் பேச்சை விட்டுவிடுவார்.

தனிநபர் ஸ்ட்ரோக் போட்டியில் கோர்ஸ் ஹேண்டிகேப்பில் 95 விழுக்காடுதான் கொடுக்கப்படும். இங்கே ஒரு நுணுக்கம். முழு எண்ணாக்கிய 27-ஐ எடுத்து 95 விழுக்காடு போட்டால் 25.65, அதாவது 26 என்று வரும். முழு எண்ணாக்காத 26.6-ஐ எடுத்துப் போட்டால் 25.27, அதாவது 25. சரியானது 25. முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும்.

படி 6: ஆடி முடித்த பின் எண்களைத் திருப்பிப் பயன்படுத்துதல்

ஆடுவதற்கு முன் இண்டெக்ஸை மைதானத்துக்கு ஏற்ப மாற்றினோம். ஆடிய பிறகு கிடைத்த ஸ்கோரை மைதானத்தின் பிடியிலிருந்து விடுவித்து, நடுத்தர மைதானத்தின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கிடைப்பது ஸ்கோர் டிஃபரென்ஷியல்.

ஸ்கோர் டிஃபரென்ஷியல் = (113 ÷ ஸ்லோப்) × (திருத்திய ஸ்கோர் − கோர்ஸ் ரேட்டிங்)

திருத்திய ஸ்கோர் என்று ஏன் சொல்கிறோம் என்றால், ஏதோ ஒரு குழியில் நேர்ந்த பேரிடர் ஒருவரின் முழு மதிப்பையும் கெடுத்துவிடக் கூடாது. ஒரு குழியில் அதிகபட்சமாகப் பாரும், மேலே இரண்டும், அக்குழியில் அவருக்கு உரிய சலுகை அடிகளும் சேர்ந்த எண்ணிக்கைதான் கணக்கில் வரும். இதை நெட் டபுள் போகி என்பார்கள். 27 சலுகை பெற்றவருக்கு ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 9 வரை உள்ள குழிகளில் இரண்டிரண்டு அடிகள் உண்டு. அவற்றில் ஒரு பார் 4 குழியில் அவர் 11 அடித்திருந்தால், 4 + 2 + 2 என்று 8 மட்டுமே எழுதப்படும். மொத்தம் 102 அடித்தவர், அந்த மூன்று அடிகள் குறைந்து 99 என்று பதிவு செய்வார்.

இப்போது 75.5-ஐக் கழித்தால் 23.5. அதை 113-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் 18.3. அதாவது 99 என்பது அவருடைய இண்டெக்ஸை ஏறக்குறைய ஒட்டிய ஆட்டம். அடுத்த வாரம் எளிய மைதானத்தில் 88 அடித்து மகிழ்ச்சியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 88-இலிருந்து 67.4 போக 20.6, அதை 113-ஆல் பெருக்கி 105-ஆல் வகுத்தால் 22.2. பதினோரு அடிகள் குறைவாக அடித்தும், அது ஏறக்குறைய நான்கு அடிகள் தாழ்ந்த ஆட்டம். எளிய மைதானத்தில் அவர் தன் இண்டெக்ஸுக்கு ஏற்ப ஆடியிருந்தால் 84 அடித்திருக்க வேண்டும். தலைப்பில் சொன்னது இதைத்தான்.

இத்தகைய டிஃபரென்ஷியல்களில் அண்மைய 20-இல் மிகச் சிறந்த 8-இன் சராசரிதான் இண்டெக்ஸ். மூன்று ஸ்கோர்கள் மட்டுமே உள்ள புதியவருக்கு, அவற்றில் சிறந்ததிலிருந்து 2.0 கழிக்கப்படும். எவ்வளவு ஆடினாலும் இண்டெக்ஸ் 54.0-ஐத் தாண்டாது. சிறந்த 8 மட்டும் எடுக்கப்படுவதால், ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்குச் சமமாக ஆடுவது சராசரி நாளில் நடப்பதல்ல. நல்ல நாளில் நடப்பது. பெபிள் பீச்சில் 27 சலுகையோடு சென்று 104 அடித்துத் திரும்புபவருக்குக் கணக்கு தவறிவிட்டது என்று பொருளில்லை.

ஸ்லோப்பைத் தவறாகப் படிக்கும் விதம்

கிளப்பில் தேநீர் வேளையில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "எங்கள் மைதானம் 130, உங்களுடையது 118தானே" என்பது. ஸ்லோப் மட்டும் ஒரு மைதானம் கடினமா இல்லையா என்று சொல்லாது. கோர்ஸ் ரேட்டிங் 69.0, ஸ்லோப் 130 உள்ள ஒரு மைதானத்தையும், ரேட்டிங் 74.0, ஸ்லோப் 118 உள்ள மற்றொன்றையும் ஒப்பிடுவோம். ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடினால் எவ்வளவு அடிப்பார் என்பதை, இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து ரேட்டிங்கோடு கூட்டிக் கண்டுபிடிக்கலாம். இண்டெக்ஸ் 20 உள்ளவருக்கு முதல் மைதானத்தில் 92.0 வருகிறது, இரண்டாவதில் 94.9 வருகிறது. 118 என்று இளப்பமாகச் சொல்லப்பட்ட மைதானம்தான் அவருக்குக் கடினம். முதல் மைதானம் உண்மையிலேயே கடினமாவது இண்டெக்ஸ் 47-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும். ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு வரம்பு முறையின் உள்ளேயே இருக்கிறது. ஸ்லோப் என்பது ஸ்க்ராட்ச் வீரர், போகி வீரர் ஆகிய இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு. மற்ற எல்லோரும் அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதாக முறை கருதுகிறது. ஆனால் இண்டெக்ஸ் 18 உள்ள இருவர் ஒரே வகையாக ஆடுவதில்லை. வயது முதிர்ந்த ஒருவர் 170 கெஜம்தான் அடிப்பார், ஆனால் நேராக அடிப்பார். இளைஞர் ஒருவர் 270 கெஜம் அடிப்பார், ஆனால் பாதிப் பந்துகள் மரங்களுக்குள் போகும். தாண்ட வேண்டிய நீரும் பிளவும் நிறைந்த மைதானத்தில் முதியவர் ஸ்லோப் சொல்வதைவிட அதிகம் இழப்பார். குறுகிய ஃபேர்வேயும் அடர்ந்த மரங்களும் உள்ள இடத்தில் இளைஞர் இழப்பார். இரண்டு மைதானங்களுக்கும் ஸ்லோப் ஒன்றாகவே இருக்கக்கூடும். இதைச் சரிசெய்யும் வழி முறையில் இல்லை. போட்டிக்கு ஒப்புக்கொள்ளும் முன் மைதானத்தின் தடைகள் எவ்வகை என்று விசாரித்துக்கொள்வதே நல்லது.

அன்றைய வானிலையையும் ஸ்லோப் அறியாது. வழக்கமான நாளுக்கான எண்கள் அவை. புயற்காற்றிலோ, எட்டாத மூலைகளில் கொடி நட்டிருக்கும் நாளிலோ அன்றைக்கு ஆடிய எல்லோருடைய ஸ்கோரும் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தால், கணினி அதைக் கண்டுகொண்டு டிஃபரென்ஷியல் சூத்திரத்தில் −1 முதல் +3 வரை ஒரு திருத்தத்தைச் சேர்க்கும். ஆட்டக்காரர் இதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஸ்கோரை அன்றைய தினமே பதிவு செய்தால் போதும். நாள் தள்ளிப் பதிவு செய்பவர்களின் ஸ்கோர் அந்தக் கணிப்பில் சேராமல் போகும்.

கடைசியாக, நண்பர்கள் வெவ்வேறு டீயிலிருந்து ஆடும் நாளைப் பற்றி ஒரு சொல். ஒருவர் நீல டீ, மற்றவர் அதற்கு முன்னாலுள்ள வெள்ளை டீ என்றால், இருவரும் அவரவர் டீயின் ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் கொண்டே கணக்கிட வேண்டும். இரு டீக்களுக்கும் பார் ஒன்றாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழிக்கும் பகுதியே நீள வேறுபாட்டை ஈடுகட்டிவிடும். ஒரு டீக்குப் பார் 72, மற்றொன்றுக்குப் பார் 71 என்றிருந்தால், ஸ்ட்ரோக் போட்டியில் பார் 72 டீயில் ஆடுபவருக்கு ஓர் அடி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதைப் பந்தயம் முடிந்து கூட்டல் போடும்போது பேசினால் சண்டைதான் வரும். முதல் டீயில் நிற்கும்போதே பேசி எழுதிவிடுங்கள்.